பாட்டியின் அதிரசக் குறிப்பு

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த சமையல் குறிப்பு அட்டையை வெளியூரில் வாழும் பேரன் பயணத்தின்போது எடுத்துச் சென்று மெல்ல மெல்லப் படித்தறிகிறான் என்று ஒரு சிறுகதை எழுதலாம். கதை நம்பும்படி அமைய, அட்டை அவனுக்கு எந்த வரிசையில் புரிகிறது என்பது சரியாக இருக்க வேண்டும். அட்டையில் இருப்பது அதிரசம் என்று வைத்துக்கொள்வோம்: ‘ப. அரிசி வ படி, வெல்லம் 6 பலம், ஏலம், எண்ணை. பாகு பதம் பார்த்து மாவில் சேர்க்கவும்.’

முதல் தடை எழுத்து. ‘எண்ணை’யின் ணையில் கொம்புக்குப் பதிலாக, எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கை போல வளைந்த கோடு இருக்கும். 1978இல் தமிழக அரசு மாற்றியமைத்த 13 எழுத்துகளில் ணை, லை, ளை, னை ஆகியவையும் உண்டு. பழைய வடிவம் இருப்பதால் மட்டும் அட்டை 1978க்கு முந்தையது என்று முடிவு கட்ட முடியாது. எழுதியவர் அந்த வடிவத்தில் எழுதப் பழகியவர் என்றே அது சொல்லும்.

அடுத்த தடை ‘வ’. அதை ‘வறுத்த’ என்பதன் சுருக்கமாக எண்ணிப் பேரன் அரிசியை வறுத்துவிடலாம். பழைய கணக்கில் கால் பங்கின் குறி வகர வடிவம் கொண்டது. அப்படியானால் அது கால் படி, அதாவது 2 ஆழாக்கு. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. சுமார் 1.3 லிட்டர் கொள்ளும் சிறிய படியில், கால் படிப் பச்சரிசி ஏறத்தாழ 270 கிராம் வரும். ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம், எனவே வெல்லம் 210 கிராம்.

இந்த வாசிப்பு சரியா என்பதை விகிதமே காட்டிக்கொடுக்கும். அதிரசத்துக்கு அரிசியின் எடையில் முக்கால் பங்கை ஒட்டி வெல்லம் வேண்டும். 270க்கு 210 பொருந்துகிறது. ‘வ’வை விட்டுவிட்டு ஒரு படி என்று படித்தால், ஒரு கிலோவைத் தாண்டும் அரிசிக்கு 210 கிராம் வெல்லம் என்றாகும். அந்தப் பாகு மாவை நனைக்கவே போதாது.

அட்டையால் சொல்ல முடியாதது பதம். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடிக்க வேண்டும் என்பது எழுதியவருக்குத் தெரிந்த செய்தி. அதனால் அவர் அதைக் குறிக்கவில்லை. பாகைச் சிறிது தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலில் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். பாகு முற்றினால் அதிரசம் கடினமாகும். இளகியிருந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும். ஆகவே கதையில் எழுத்தும் அளவும் ஏட்டறிவால் தெளியலாம். கடைசி வரி மட்டும், பேரன் அடுப்பருகில் ஓரிரு முறை மாவைக் கெடுத்த பிறகே அவனுக்கு விளங்கும்.