அறுபது மணி நேரத்தில் என்ன வரும்?

ஊர் எதுவானாலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் ஒரு வாசகம் கண்ணில் படும்: "30 நாளில் சரளமாக ஆங்கிலம் பேசலாம்!" அதே வாசகம் இப்போது ரீல்ஸாகவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் ஓடுகிறது. குறி வேலை தேடும் பட்டதாரிதான். பி.காம். முடித்திருப்பார். கணக்கு வழக்கைத் தமிழில் கேட்டால் தெளிவாக விளக்குவார். ஹெச்.ஆர். ரவுண்டில் இரண்டாவது கேள்வியிலேயே நா ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவர் கடன் வாங்கியாவது பணம் கட்டத் தயாராக இருப்பார் என்பதால்தான், அவரிடம் எதைச் சொல்லிப் பணம் வாங்குகிறோம் என்பது முக்கியமாகிறது.

முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. ஏ2 நிலையில் இருப்பவர் பழகிய விஷயங்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுவார். அடுத்த படியான பி1இல் இருப்பவர் எதிர்பாராத கேள்விக்கும் தட்டுத்தடுமாறியாவது பதில் சொல்லிவிடுவார். இந்த ஒரு படியை ஏற ஏறத்தாழ 200 மணி நேரம் வழிகாட்டுதலோடு கூடிய பயிற்சி தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் கணிப்பு. நம் ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்போ தினம் ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், எட்டு வாரம் என்று நடந்தால் மொத்தம் 60 மணி நேரம்தான். ஒரு படியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 30 நாள் வகுப்பென்றால் இன்னும் பாதி.

அப்படியானால் 60 மணி நேரம் வீணா? நிச்சயமாக இல்லை. தெரிந்த சொற்களை வாயில் கொண்டுவரும் வேகம் கூடும். நடுநடுவே விழும் நீண்ட மௌனம் குறையும். கேள்வி புரியாதபோது திகைத்து நிற்காமல் "குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?" என்று கேட்கும் தெம்பு வரும். கடை, வரவேற்பு மேசை, போன் அழைப்பு போன்ற சில சூழல்களுக்கான பேச்சு கைவசமாகும். இலக்கணப் பிழைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கும். அமெரிக்க வாடிக்கையாளரோடு இரவு முழுக்கப் பேச வேண்டிய வாய்ஸ் ப்ராசஸ் வேலைக்கு இது போதாது. உள்ளூர் ஷோரூமுக்கும் ஹோட்டல் வரவேற்புக்கும் போதுமானதாக இருக்கலாம்.

ஒரு பயிற்சி மையம் விற்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். இதைச் சொல்லால் நம்பவைப்பது கடினம் என்பதால்தான் வீடியோ தேவைப்படுகிறது. ஆனால் இன்று ஓடும் 'முன்பு - பின்பு' வீடியோக்களில் பலவும் எதையும் நிரூபிப்பதில்லை. 'முன்பு' வீடியோவில் மாணவர் தலைகுனிந்து நிற்பார். 'பின்பு' வீடியோவில் கோட்டு போட்டுக்கொண்டு, பின்னணி இசையோடு, மனப்பாடம் செய்த செல்ஃப் இன்ட்ரோவைக் கடகடவென்று ஒப்பிப்பார். இரண்டு மூன்று நொடிகளுக்கு ஒரு முறை காட்சி வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். தயங்கிய இடங்கள் எல்லாம் அந்த வெட்டுகளில்தான் போயிருக்கும். பார்ப்பவர் அங்கே காண்பது எடிட்டிங் செய்தவரின் திறமையை.

நம்பத்தக்க வீடியோ முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். நன்றாகப் பேசத் தொடங்கிய பிறகு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவருடைய தொடக்க நிலைக்குச் சாட்சி எதுவும் இருக்காது. அதனால் பேட்ச்சில் சேர்ந்த அத்தனை பேரையும் முதல் வகுப்பிலேயே ஆளுக்கு ஒரு நிமிடம் பதிவு செய்துவிட வேண்டும். இதற்கு ஸ்டூடியோ வேண்டியதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மாணவரிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் அவர் முக உயரத்துக்கு போனை வைத்தால் போதும். மின்விசிறிச் சத்தம்தான் இத்தகைய பதிவுகளைப் பெரும்பாலும் கெடுப்பது. சுவர்க் கடிகாரம் பின்னால் தெரிய வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்கும் குரலும் பதிவாக வேண்டும். நடுவில் வெட்டக் கூடாது, இரண்டாவது டேக் கூடாது.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே விஷயத்தை இரண்டாம், மூன்றாம் முறை பேசும்போது யாருக்கும் பேச்சு சரளமாகத்தான் வரும். மொழி ஆசிரியர்கள் இதையே ஒரு பயிற்சி முறையாகப் பயன்படுத்துகிறார்கள்: ஒரே செய்தியை நான்கு நிமிடத்தில், பிறகு மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில் வேறு வேறு ஆட்களிடம் சொல்லவைப்பார்கள். பயிற்சிக்கு அது அருமையான முறை. விளம்பரத்தில் வந்தால் அது ஏமாற்று. முதல் நாள் கேட்ட அதே கேள்வியைக் கடைசி நாளும் கேட்டால், மாணவர் பேசக் கற்றாரா, அந்தப் பதிலை மட்டும் கற்றாரா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. ஆகவே கடைசி நாளில் இரண்டு பதிவுகள் வேண்டும். ஒன்று பழைய கேள்விக்கு. இன்னொன்று, கேமரா முன்பாகவே துண்டுச் சீட்டு எடுத்து வரும் புதிய கேள்விக்கு. முன்னேற்றத்தின் உண்மையான அளவு அந்த இரண்டாவது பதிவில்தான் தெரியும்.

ஒரு பதிவை நெருக்கத்தில் பார்க்கலாம். திருச்சியில் ஒரு மையத்துக்கு 23 வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்போன் ஷோரூமில் வேலைக்கு முயல்கிறார். முதல் நாள் ஆசிரியர் வாடிக்கையாளராக மாறி, நேற்று வாங்கிய போன் சார்ஜ் ஏறவில்லை என்று ஆங்கிலத்தில் புகார் சொல்கிறார். பெண்ணின் பதில்: "சார்... போன்... சார்ஜ்... நாட் கமிங்?" அதன் பிறகு ஏழெட்டு நொடி மௌனம். பிறகு தமிழுக்கு மாறி, "பில் இருக்கா சார்?" என்கிறார். எட்டு வாரம் கழித்து அவர் எடுக்கும் சீட்டில், வாங்கிய இயர்போனில் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கிறது என்று ஒரு புதிய புகார். இம்முறை பதில்: "சாரி சார். வென் யூ பாட் இட்? டூ யூ ஹேவ் தி பில்?" கொஞ்சம் யோசிக்கிறார். "ஒன் மினிட் சார், ஐ வில் ஆஸ்க் மை மேனேஜர்."

'வென்' என்பதற்குப் பிறகு 'டிட்' வரவில்லை. இலக்கணப்படி அது பிழை. ஆனாலும் வாடிக்கையாளருக்குக் கேள்வி புரிந்துவிட்டது, பேச்சு தமிழுக்குத் தாவவில்லை, மௌனம் இரண்டு நொடியைத் தாண்டவில்லை. இந்தப் பிழையோடேயே வீடியோவை வெளியிட வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் உறுதியான கருத்து. கீழே தமிழில் நான்கு வரி போதும்: "60 மணி நேர வகுப்பு. 54 மணி நேரம் வந்தார். இரண்டாவது கேள்வி அவருக்கு முன்பே தெரியாது. கேள்வி வாக்கியங்களில் இன்னும் பிழை வருகிறது." இதைப் பார்க்கும் இன்னொரு பட்டதாரி, தன்னைப் போன்ற ஒருவரை அங்கே காண்கிறார். எட்டு வாரத்தில் தனக்கு என்ன கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

யாருடைய வீடியோவைப் போடுவது? எந்த பேட்ச்சிலும் ஏற்கெனவே ஆங்கில வழியில் படித்துவிட்டு, கூச்சம் போக மட்டும் வருகிறவர் ஒருவர் இருப்பார். மூன்று வாரத்தில் பொரிந்து தள்ளுவார். அவரை மட்டும் காட்டினால் அது மையத்தின் பலனே ஆகாது. பேட்ச்சின் நடுவில் இருப்பவரையும், குறைவாக முன்னேறியவரையும் சேர்த்து மூன்று பேரைக் காட்டுவது நல்லது. கூடவே எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசி வரை வந்தார்கள் என்ற எண்ணிக்கையும் வேண்டும். வேலை தேடுகிறவர்கள் நடுவில் நின்றுவிடுவது சகஜம். சிலர் வேலை கிடைத்ததால் நிற்பார்கள், சிலர் பஸ் செலவுக்குப் பணமில்லாமல் நிற்பார்கள். காரணத்தையும் கேட்டு எழுதி வைத்தால் அடுத்த பேட்ச்சின் நேரத்தையும் கட்டணத் தவணையையும் மாற்றியமைக்க அது உதவும்.

மாணவரின் சம்மதம் தனி விஷயம். முதல் நாள் திக்கித் திணறிய முகத்தை மாமா, சித்தப்பாவும் நாளைய மேலாளரும் பார்க்கட்டும் என்று எல்லாரும் நினைப்பதில்லை. சேர்க்கைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் வாங்கும் கையெழுத்து இதற்குப் போதாது. வகுப்பு முடிந்தபின் இரண்டு வீடியோவையும் அவருக்கே போட்டுக் காட்டி, பிறகு எழுதி வாங்க வேண்டும். முகம் வேண்டாம் என்றால் குரலை மட்டும் வெளியிடலாம். பிறகு எப்போது நீக்கச் சொன்னாலும் நீக்கிவிட வேண்டும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வெற்றி பெற்றவரின் பெயர், படம், பேச்சு எதைப் பயன்படுத்தினாலும் அவர் வெற்றி பெற்ற பிறகே எழுத்து மூலமான சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது அது. வேலை உத்தரவாதம் என்று பொய்யாகச் சொல்லக் கூடாது. 'இன்னும் இரண்டே இடம்' என்று இல்லாத அவசரத்தைக் காட்டக் கூடாது. பொறுப்புத் துறப்பு வாசகமும் விளம்பர வாசகத்தின் அதே எழுத்து அளவில் இருக்க வேண்டும். 50க்கு மேற்பட்ட மாணவர்களுக்குப் பயிற்சி தரும் மையங்களுக்கானவை இந்த நெறிகள். சிறிய மையங்களும் தப்பிவிட முடியாது: தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வீடியோ எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், என்கொயரிக்கு வருகிறவரிடம் போனில் பேசுகிறவர் அதைக் கெடுத்துவிடலாம். "ரெண்டு மாசத்துல ஃப்ளூயன்ட்டா பேசிடுவேனா சார்?" என்று கேட்டதும் "கண்டிப்பா!" என்ற பதில் தானாக வந்து விழும். அதற்குப் பதிலாக, "தம்பி, எந்த மாதிரி வேலைக்குப் பாக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஷோரூம், ரிசப்ஷன் என்றால் இந்த வகுப்பில் சேரச் சொல்லலாம். வாய்ஸ் ப்ராசஸ் என்றால், இது முடிந்தபின் இன்னும் ஐந்தாறு மாதப் பயிற்சி தேவைப்படும் என்று கட்டணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். டெமோ கிளாஸில் அவரையும் ஒரு நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்து, அந்தப் பதிவை அவர் போனுக்கே அனுப்பிவிடலாம். அதை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, சேருவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.