104 வாக்குக்குப் பிறகும் அதே நாற்காலி

2016 அக்டோபரில் நவி மும்பை மாநகராட்சி மன்றம் தன் ஆணையர் துக்காராம் முண்டேவுக்கு எதிராக வாக்களித்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக 104 பேர், எதிராக வெறும் 6 பேர். மொத்த உறுப்பினர்களில் எட்டில் ஐந்து பங்கினர் கேட்டால் ஆணையரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்கிறது மகாராஷ்டிர மாநகராட்சிச் சட்டம். ஆனாலும் மாநில அரசு அவரை அப்போது மாற்றவில்லை. 2017 மார்ச்சில்தான் இடமாற்றம் வந்தது.

ஆணையர் அயல்பணியில் வரும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவருடைய பதவி உயர்வும் அடுத்த ஊரும் மாநிலத் தலைமையின் கையில். மன்றத்தின் கோபம் அவரைப் பெரிதாகச் சுடாது. முண்டே சட்டவிரோதக் கட்டடங்களை இடிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

மாநகராட்சியே நியமிக்கும் இளநிலைப் பொறியாளர் கதை வேறு. ஓய்வு பெறும்வரை அதே ஊர்தான். எந்த மழைநீர் வடிகால் எங்கே அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதே பழக்கத்தில் ஒப்பந்தக்காரரும் நெருங்கிய சிநேகிதர் ஆகிவிடுவது உண்டு. பில்லில் அளவு கூடும், தெருவில் தார் குறையும். ஆனால் தவறு பிடிபட்டால், கோப்பில் கையெழுத்துப் போட்டவர் அதே கட்டடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அயல்பணி அதிகாரியோ, தணிக்கைக் கேள்வி வரும்போது பெரும்பாலும் வேறு மாவட்டத்தில் இருப்பார். பதில் எழுதுவது, அந்தக் கோப்பையே பார்த்திராத அவருக்கு அடுத்தவர்.