எத்தனை முருங்கை விதை?

அறிவியல் கண்காட்சியில் நடுவரின் கைக்கு முதலில் வருவது மாணவர் செய்த மாதிரி அல்ல, ஒரு பட்டியல். வரிசை எண், பள்ளி, செயல்திட்டத்தின் தலைப்பு, பக்கத்தில் மதிப்பெண் போட வெற்றுக் கட்டங்கள். அரங்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்தபின், முதல் மூன்று இடம் யாருக்கு என்று நடுவர்கள் கூடிப் பேசும்போதும் நடுவில் கிடப்பது அதே தாள்தான். அதில் 'நீர் மேலாண்மை' என்று ஆறு பேர், 'ஸ்மார்ட் சிட்டி' என்று நான்கு பேர் இருந்தால் என்ன ஆகும்?

"பாட்டில்ல தண்ணி வச்சுக் காட்டுச்சே ஒரு பொண்ணு, அது எந்த நம்பர் சார்?"

"எல்லாரும் தண்ணிதானே மேடம் வச்சிருந்தாங்க!"

நன்றாகச் செய்த மாணவி ஒருத்தி நழுவிப் போகும் இடம் இது.

இப்படி ஒரே பெயர் பலருக்கு வருவதற்குக் காரணம் உண்டு. கண்காட்சிக்கென்று ஒரு மையக்கருவும் அதன்கீழ் சில உட்தலைப்புகளும் சுற்றறிக்கையில் வரும். நீர் மேலாண்மை, சுற்றுச்சூழல், போக்குவரத்து என்பவை நாம் எந்தப் பிரிவில் கலந்துகொள்கிறோம் என்பதைச் சொல்லும் சொற்கள். அவசரத்தில் அதையே பலகையில் எழுதிவிடுகிறோம். வீட்டு எண்ணைக் கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்வது மாதிரி.

ஒரு செயல்திட்டத்தை எடுத்துப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முருங்கை விதை கலங்கல் நீரைத் தெளிய வைக்குமா என்று பார்க்கிறாள். நன்றாக முற்றிக் காய்ந்த விதையின் மேல்தோலை உரித்து, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பை இடித்துப் பொடியாக்குகிறாள். பொடியைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் குழப்பித் துணியில் வடிகட்டி, அந்தப் பால் போன்ற நீரைக் குளத்து நீரில் ஊற்றுகிறாள். ஒரு நிமிடம் வேகமாக, பிறகு ஐந்து பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கிவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் அசையாமல் வைக்கிறாள். சேறு திரிதிரியாகத் திரண்டு அடியில் படிகிறது. விதையில் இருக்கும் புரதம் நேர்மின் தன்மை கொண்டது. நீரில் மிதக்கும் களிமண் துகள்களோ எதிர்மின் தன்மை கொண்டவை. இரண்டும் ஒட்டிக்கொண்டு கனத்து இறங்கிவிடுகின்றன.

இதற்கு அவள் முதலில் வைக்கும் பெயர் 'இயற்கை முறையில் நீர் சுத்திகரிப்பு' என்பதாகத்தான் இருக்கும். மணல், கரி, கூழாங்கல் அடுக்கி வைத்திருக்கும் பக்கத்து மேஜைக்கும் அதே பெயர் பொருந்தும். அதைவிடப் பெரிய சிக்கல் 'சுத்திகரிப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. அதைப் படித்ததுமே நடுவர், "அப்படின்னா இதைக் குடிக்கலாமாம்மா?" என்று கேட்பார். குடிக்கலாம் என்று சொல்ல முடியாது. சேற்றோடு கிருமிகளில் ஒரு பங்கு அடியில் இறங்கினாலும் மிச்சம் நீரிலேயே இருக்கும். விதையிலிருந்து கரைந்த சத்தும் நீரில் தங்குவதால், ஒரு நாள் வைத்திருந்தால் கிருமி மறுபடி பெருகவும் கூடும். அவள் செய்தது நீரைத் தெளிய வைத்தது மட்டும்தான். பெயர் அதற்கு மேல் சொல்லிவிட்டதால், தெரிந்ததை விளக்க வேண்டிய நேரம் சமாளிப்பதிலேயே போய்விடும்.

'கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் முருங்கை விதை' என்று மாற்றினால் பொய் இல்லை, பொருளும் கண்ணுக்குத் தெரிகிறது. பார்வையாளர் நின்று படிப்பார். ஆனால் முருங்கை விதைக்கு இந்தக் குணம் இருப்பது பழைய செய்தி. அவள் புதிதாக என்ன செய்தாள் என்பது இந்தப் பெயரிலும் இல்லை.

அவள் செய்தது இது. ஆளுக்கு ஒரு லிட்டர் குளத்து நீராக ஐந்து பாட்டில்களில் எடுத்துக்கொண்டாள். ஒன்றில் விதையே போடவில்லை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று போட்டாள். கறுப்புப் பெருக்கல் குறி வரைந்த தாளின் மேல் கண்ணாடி உருளையை வைத்து, மேலிருந்து பார்த்தபடியே தெளிந்த நீரை ஊற்றி, குறி எந்த உயரத்தில் மறைகிறது என்று ஸ்கேலால் அளந்தாள். உயரம் கூடக் கூடத் தெளிவும் கூடுதல். இதை எல்லாம் சுமக்கும் பெயர்: 'ஒரு லிட்டர் குளத்து நீர் தெளிய எத்தனை முருங்கை விதை?'

இப்போது மேஜைக்கு வருபவர் சும்மா போக மாட்டார். மனதுக்குள் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் வருவார். பெரும்பாலும் விதை கூடினால் தெளிவும் கூடும் என்று நினைப்பார். அளவு மிஞ்சினால் பலன் குறையும், நீர் திரும்பக் கலங்கவும் செய்யும் என்பதை வரைபடத்தில் பார்க்கும்போது அவருடைய ஊகம் உடைகிறது. உடைந்த ஊகத்தை யாரும் சீக்கிரம் மறப்பதில்லை.

கேள்வியாக வைப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. பல கண்காட்சிகளுக்குத் தலைப்பை வாரக்கணக்கில் முன்பே பதிந்துவிட வேண்டும். அப்போது சோதனையே முடிந்திருக்காது. 'தெளிய வைக்கும்' என்று பதிந்துவிட்டு முடிவு வேறாக வந்தால் திண்டாட்டம். கேள்விக்கு எந்த விடை வந்தாலும் பொருந்தும்.

1997இல் அமெரிக்காவின் இடஹோ ஃபால்ஸ் நகரில் 14 வயது நேதன் ஸோனர் அறிவியல் கண்காட்சிக்கு வைத்த பெயரும் கேள்விதான்: 'நாம் எவ்வளவு எளிதில் ஏமாறுகிறோம்?' டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்ற பொருளின் 'ஆபத்துகளை' எழுதிக் கொடுத்து, இதைத் தடை செய்யலாமா என்று 50 மாணவர்களிடம் கேட்டான். 43 பேர் தடை செய்யச் சொன்னார்கள். அந்தப் பொருள் வெறும் தண்ணீர். 'வேதிப்பொருள் விழிப்புணர்வு' என்று பெயர் வைத்திருந்தால் நமக்கு இந்தக் கதை வந்து சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் கருவி செய்பவர்களுக்குக் கேள்வி அவ்வளவாக ஒட்டாது. அவர்களுக்குத் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் நல்ல உதாரணம். அவர் பள்ளி மாணவியாக உருவாக்கிய இஸ்திரி வண்டி கரிக்குப் பதில் சூரிய மின்சாரத்தில் இயங்குவது; 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசும் வாய்ப்பு வரை அது அவரைக் கொண்டுபோனது. சூரிய சக்தி இஸ்திரி வண்டி என்று சொன்னாலே போதும். தெருமுனை வண்டியையும் அதில் கனலும் கரியையும் பார்த்தவருக்கு எது மாறியிருக்கிறது என்பது விளங்கிவிடும். இதையே 'பசுமை சக்தி 2.0' என்று சொல்லிப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. செல்லப் பெயர் வைத்தே தீருவேன் என்று மாணவர் அடம்பிடித்தால் வைக்கட்டும். பக்கத்திலேயே அது செய்யும் வேலையும் இருக்க வேண்டும். பட்டியலில் இரண்டும் சேர்ந்தே பதிவாக வேண்டும்.

பலகை பற்றி இரண்டு சொல். எழுத்து குறைந்தது இரண்டு அங்குல உயரம் இருந்தால்தான் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பவருக்கும் கொம்பும் சுழியும் பிரிந்து தெரியும். நீளமான சொல்லைப் பாதியில் ஒடித்து அடுத்த வரிக்குத் தள்ளக் கூடாது. ஜிகினாப் பொடியும் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் எழுத்தை அதுவே விழுங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவுப் படிவம், பலகை, மாணவி வாயால் சொல்வது மூன்றும் ஒரே பெயராக இருக்கட்டும். படிவத்தில் ஒன்றும் பலகையில் ஒன்றும் இருந்தால் மதிப்பெண் தாளில் உங்களைத் தேடுவதே நடுவருக்கு வேலையாகிவிடும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் தலைப்பைப் பதியுமுன் ஒன்று செய்யுங்கள். செயல்திட்டம் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டுப் பெயரை மட்டும் ஒருமுறை சொல்லுங்கள். மேஜையில் என்னென்ன வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். பாட்டில், குளத்து நீர், முருங்கை விதை என்று அவர் சொன்னால் பதிந்துவிடலாம். "ஏதோ தண்ணி சமாச்சாரம்" என்றால் மாற்றிவிடுங்கள்.