இரண்டு போன், ஒரே பதிவு: எதை நம்புவது?

நேபாளத்தின் மலைக் கிராமங்களிலும் கென்யா, உகாண்டாவின் சிற்றூர்களிலும் வீடுவீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள் பலர், சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடுகிற ஒரு செயலியை வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணியின் விவரத்தை அங்கேயே போனில் பதிந்துவிடுவார்கள். சிக்னல் கிடைத்ததும் அது சர்வருக்குப் போய்ச் சேரும். மெடிக் என்ற அமைப்பு முன்னின்று வளர்க்கும் இந்தச் செயலிக்கு அடியில் இருப்பது கவுச்டிபி என்ற தரவுத்தளம். லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளில் வேலை பார்த்த டேமியன் காட்ஸ் 2005இல் தொடங்கியது அது.

அனுப்புவதும் வாங்குவதும் எளிது. ஒரே பதிவை இருவர் தனித்தனியாகத் திருத்தும்போதுதான் தலைவலி.

ஒரு தாயின் பதிவு மூன்றாம் பதிப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணியாளர் மலையில் அவருடைய புதிய போன் எண்ணைப் பதிகிறார். அதே மதியம் சுகாதார நிலையத்தில் மேற்பார்வையாளர் பிரசவத் தேதியைத் திருத்துகிறார். இருவர் கையிலும் இருந்தது மூன்றாம் பதிப்புதான், ஆகவே இப்போது இரண்டு நான்காம் பதிப்புகள் பிறந்துவிட்டன.

கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் போன் எண்ணோ தேதியோ சத்தமில்லாமல் காணாமல் போகும். நேரத்தைப் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்துதான். போனின் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம்.

கவுச்டிபி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் அடையாளம் தருகிறது: முதலில் வரிசை எண், பிறகு உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீளமான எழுத்துக்கோவை. போனும் சர்வரும் ஒத்திசையும்போது இரண்டு நான்காம் பதிப்புகளையும் அது வைத்துக்கொள்ளும். நாமே கேட்டால் காட்டவும் செய்யும். எழுத்துக்கோவைகளை இங்கே சுருக்கியிருக்கிறேன்:

```
GET /clinic/mother-42?conflicts=true

{"_id": "mother-42",
 "_rev": "4-b7…",
 "_conflicts": ["4-3f…"]}
```

இதில் `4-b7` வென்றது, `4-3f` தோற்றது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். வரலாறு நீளமாக உள்ள பதிப்பு முதலில் வரும், நீளம் சமமானால் எழுத்து வரிசையில் பெரியது வெல்லும். b என்பது 3க்குப் பின்னால் வருகிறது, அவ்வளவுதான். மேற்பார்வையாளர் சிக்னல் வருவதற்குள் இரண்டு முறை சேமித்திருந்தால் அவர் பதிப்பு ஐந்தாகி, அதனாலேயே வென்றிருக்கும். எல்லா இயந்திரங்களும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்பதற்கான விதி இது. சரியான தகவல் எது என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. `conflicts=true` என்று கேட்காத செயலிக்குத் தோற்ற பதிப்பு இருப்பதே தெரியாது. பிரச்சினை மாதக்கணக்கில் வெளியே வராமல் போவது இதனால்தான்.

தீர்த்துவைப்பது செயலியை எழுதுபவரின் வேலை. மூன்றாம் பதிப்போடு இரண்டு நான்காம் பதிப்புகளையும் பக்கத்தில் வைத்து, எந்தப் புலம் எங்கே மாறியது என்று பார்க்க வேண்டும். ஒருவர் போன் எண்ணையும் மற்றவர் தேதியையும் மாற்றியிருப்பதால், இரண்டையும் சேர்த்து வென்ற பதிப்பின் மேல் ஐந்தாம் பதிப்பாக எழுதி, தோற்றதை நீக்கிவிடலாம். இருவரும் தேதியையே வெவ்வேறாக மாற்றியிருந்தால் இயந்திரத்துக்கு வழியில்லை. இரண்டு தேதிகளையும் திரையில் காட்டி, விஷயம் தெரிந்த மனிதரைக் கேட்பதே முறை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த தரவுத்தளம் பழைய பதிப்புகளின் உள்ளடக்கத்தை அவ்வப்போது கழித்துவிடும். மோதிக்கொண்ட இரண்டு நான்காம் பதிப்புகளும் தப்பிக்கும், ஆனால் அவற்றின் மூலமான மூன்றாம் பதிப்பு போய்விடும். அது இல்லாவிட்டால் யார் எதை மாற்றினார் என்று சொல்ல முடியாது. ஆகவே திருத்தத் தொடங்கும்போதே மூலத்தின் நகலைச் செயலி தனியாக எடுத்து வைப்பது நல்லது.

மோதலைத் தீர்ப்பதைவிட வராமல் பார்ப்பது புத்திசாலித்தனம். மெடிக் செயலி ஒவ்வொரு சந்திப்பையும் தனிப் பதிவாகவே வைக்கிறது. புதிது புதிதாகச் சேர்த்தால் மோத ஒன்றும் இருக்காது. மாத்திரைக் கையிருப்பிலும் இதே தந்திரம் உதவும். ‘மீதி 80’ என்று திருத்தாமல் ‘20 கொடுத்தேன்’ என்று தனித்தனியாகப் பதிந்தால், இருவர் கொடுத்ததும் கணக்கில் வரும்.

உங்கள் நிறுவனத்துக்கு இப்படி ஒரு செயலி செய்து வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு போன்களை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரே பதிவின் ஒரே கட்டத்தில் வெவ்வேறு மதிப்பைக் கொடுங்கள். பிறகு இணைப்பைத் திறந்து, இரண்டில் ஒன்று கேள்வி கேட்காமல் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் அந்தச் செயலியைத் திருப்பி அனுப்புங்கள்.