கண்டதையும் வாயில் வைக்கும்… புது ஆளைக் கண்டால் அழும்! எட்டு மாதக் குழந்தையின் மனதில் என்ன நடக்கிறது?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிருக்காது. அப்படி ஒரு ஜூலை மாதக் காலை. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய சித்தி, பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் குழந்தையிடம் போகிறாள். கடைசியாக அவள் பார்த்தபோது அவனுக்கு நான்கு மாதம். யார் தூக்கினாலும் சிரித்தவன். இப்போது எட்டு மாதம். “வாடா தங்கம், சித்திகிட்ட வா” என்று இரண்டு கையையும் நீட்டியதுதான் தாமதம், முகம் கோணி, உதடு பிதுங்கி, வீடே அதிர அழுகிறான். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான்.

சித்திக்கு முகம் வாடிவிடுகிறது. “என்னக்கா, என்னைய மறந்துட்டானே?” என்கிறாள். “நேத்துகூட பால்காரர் வந்தப்போ இப்படித்தான் அழுதான். யார் கண்ணு பட்டுச்சோ” என்கிறார் ஆச்சி. அழுகை ஓய்ந்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், சித்தியின் பையில் தொங்கிய சாவிக்கொத்து அவன் வாயில் இருக்கிறது. சித்தி வேண்டாம், சித்தியின் சாவி மட்டும் வேண்டுமா?

சீசன் நாட்களில் பல வீடுகளில் நடக்கிற காட்சிதான் இது. இதற்குக் கண் திருஷ்டி காரணமில்லை. குழந்தை கெட்டுப்போகவும் இல்லை. ‘இது என்ன?’ என்று பொருளைப் பார்த்து வாய் கேட்கிறது. ‘இது யார்?’ என்று மனிதரைப் பார்த்து அழுகை கேட்கிறது. இரண்டு கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் முளைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வாய்தான் முதல் கை

பிறந்த குழந்தைக்குக் கைகள் இருந்தாலும், அவற்றை நினைத்தபடி அசைக்க வராது. ஆனால் உதடும் நாக்கும் முதல் நாளிலிருந்தே வேலைக்குத் தயார். பால் குடிக்க அவை தேவை அல்லவா? தொடு உணர்ச்சி நரம்புகள் உடலில் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உதடும் நாக்கு நுனியும் சேர்த்தி. அதனால் ஒரு பொருள் வழவழப்பா, சொரசொரப்பா, கெட்டியா, மெத்தென்றா, சூடா, குளிர்ச்சியா என்பதையெல்லாம் கையைவிட வாய் நன்றாகச் சொல்லும்.

1979-ல் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப், ரிச்சர்ட் போர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சில குழந்தைகளுக்கு வழவழப்பான சூப்பான். சிலருக்குக் குமிழ் குமிழாக முண்டுகள் வைத்த சூப்பான். எதைச் சூப்புகிறோம் என்பது குழந்தைக்குத் தெரியாதபடி வாயில் வைத்தார்கள். பிறகு இரண்டு வடிவங்களையும் கண்முன் காட்டியபோது, பெரும்பாலான குழந்தைகள் தாங்கள் சூப்பிய வடிவத்தையே அதிக நேரம் பார்த்தன. வாய் அறிந்ததைக் கண் அடையாளம் கண்டுகொண்டது என்பது அவர்கள் முடிவு. பின்னாளில் செய்த எல்லாச் சோதனைகளிலும் அதே முடிவு வரவில்லை என்றாலும், வாய் குழந்தைக்கு ஓர் ஆராய்ச்சிக் கருவி என்பதில் சந்தேகமில்லை.

மூன்று, நான்கு மாதத்தில் கை வாய்க்குப் போகத் தொடங்கும். ஆறு முதல் ஒன்பது மாதங்களில் இது உச்சத்தில் இருக்கும். “பல்லு முளைக்குது, அதான் கடிக்கான்” என்பது பாதி உண்மை. ஈறு ஊறுவதும் ஒரு காரணம்தான். ஆனால் பல்லுக்கு அறிகுறியே இல்லாத மாதத்திலும் குழந்தை இதைச் செய்யும். பசி என்று நினைத்து உடனே பால் கொடுக்க வேண்டியதும் இல்லை. கவனித்துப் பாருங்கள்: பொருளை வாயில் வைக்கும், எடுத்துத் திருப்பிப் பார்க்கும், மறுபடி வைக்கும். பசித்த குழந்தை அப்படி நிறுத்தி நிறுத்திப் பார்க்காது.

இன்னொரு பலனும் உண்டு. சின்னக் குழந்தைக்கு நாக்கின் முன்பகுதியில் ஏதாவது பட்டாலே குமட்டும். விதவிதமான பொருட்கள் வாய்க்குள் போய்ப் பழகப் பழக, குமட்டல் வருகிற இடம் மெல்லப் பின்னே நகரும். குழைத்த சோறும் இட்லியும் பழகும் மாதங்களில் இது உதவியாக இருக்கும்.

அழுகைக்குள் இருக்கும் நினைவாற்றல்

நான்கு மாதத்தில் சித்தியிடம் சிரித்தவன் எட்டு மாதத்தில் ஏன் அழுகிறான்? சித்தியை மறந்ததால் மட்டும் இல்லை. அம்மாவின் முகத்தை இப்போது அழுத்தமாக நினைவில் வைத்திருப்பதால். முன்பும் அவனுக்கு அம்மாவைத் தெரியும். அவள் குரலும் வாசனையும் தெரியும். ஆனால் வருகிற முகத்தை மனதில் இருக்கும் முகங்களோடு ஒப்பிட்டு, ‘இது நம்மவர் இல்லை’ என்று கண்டுபிடித்துப் பயப்படும் திறமை ஆறு, ஏழு மாதத்துக்கு மேல்தான் வலுப்படும். மனநல மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ் இதற்கு ‘எட்டாம் மாதப் பதற்றம்’ என்றே பெயர் வைத்தார். 1950-களில் மேரி ஐன்ஸ்வொர்த் உகாண்டாவின் கிராமங்களில் தாய்களையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். அம்மாவை மையமாக வைத்துக்கொண்டு சற்றுத் தூரம் போய் விளையாடுவதும், பயந்தால் அவளிடமே ஓடி வருவதும் அந்தக் குழந்தைகளிடமும் இருந்தன.

இந்த மாதத்தில் இது வருவதிலும் பொருள் இருக்கிறது. இப்போதுதான் குழந்தை தவழத் தொடங்குகிறது. அம்மாவின் மடியை விட்டு நகரும் உயிருக்கு இரண்டும் வேண்டும்: உலகத்தை அறியும் ஆவலும் வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்கிற எச்சரிக்கையும் வேண்டும். ஆவல் வாயாகிறது, எச்சரிக்கை அழுகையாகிறது.

எல்லாக் குழந்தையும் ஒரே அளவில் அழாது. கூட்டுக் குடும்பத்தில் பல கைகளில் வளர்ந்த குழந்தை லேசாக முகம் சுளிப்பதோடு விடலாம். புது ஆள் வேகமாக வந்தாலும், உயரத்திலிருந்து குனிந்தாலும், சத்தமாகப் பேசினாலும், அம்மா கண்ணில் படாவிட்டாலும் அழுகை கூடும். அன்று காலை சித்தி இதில் பலவற்றைச் செய்துவிட்டாள்.

அம்மாவின் முகமே பச்சைக்கொடி

குழந்தை அழுவதற்கு முன் ஒரு கணம் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1985-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேஜை மேல் தவழவிட்டார்கள். நடுவில் கண்ணாடிக்குக் கீழே பள்ளம்போல் ஒரு தோற்றம், எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடத் தாண்டவில்லை.

அதனால் விருந்தாளி வரும்போது அம்மா முகம் இறுகி, ‘அய்யய்யோ, அழப்போறானே’ என்று பதறினால், குழந்தைக்கு அதுவே சிவப்புக்கொடி. அம்மா முதலில் வந்தவரோடு சிரித்துப் பேசட்டும்.

தென்காசி வீட்டில் ஆச்சி அதற்கு வழி கண்டுபிடித்தார். “ஏட்டி, நீ அவனைப் பாக்காத. அக்காகிட்ட பேசிக்கிட்டு சும்மா தரையில உக்காரு” என்றார். சித்தி உட்கார்ந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்து, தரையில் லேசாகத் தட்டிவிட்டு, தனக்கும் குழந்தைக்கும் நடுவில் வைத்தாள். அவன் அம்மா மடியிலிருந்து கரண்டியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மா சிரித்தாள். தவழ்ந்து வந்து கரண்டியை எடுத்தான். அது நேராக வாய்க்குப் போனது. சித்தி கை நீட்டவில்லை. பத்து நிமிடத்தில் கரண்டியை அவள் கையில் கொடுத்தான், திரும்ப வாங்கினான். மனிதரிடம் தயங்கும் குழந்தை பொருளிடம் தயங்காது. வாய்தான் அங்கே பாலம்.

அருவிக்கரையில் கவனம்

மறுநாள் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். சீசன் நேரத்துக் குற்றாலத்தில் இந்த இரண்டு குணங்களுக்கும் சோதனை வரும். முகம் தெரியாத கூட்டம், அருவியின் இரைச்சல். குழந்தையை அம்மா, அப்பா என்று பழகியவர்களே மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. “அழட்டும், பழகிடும்” என்று புதியவர் கையில் திணித்தால் பயம் குறையாது, கூடத்தான் செய்யும்.

வாய்க்கு ஆபத்து பழக்கடையிலும் பொம்மைக்கடையிலும் இருக்கிறது. ரம்புட்டான் பழத்தின் வழுக்கும் கொட்டை, வறுத்த கடலை, பாசிமணி, மரச் செப்புச் சாமானின் குட்டிக் கிண்ணங்கள் எல்லாம் எட்டு மாதக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. ஒரு எளிய அளவு உண்டு. பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் குறுக்களவு சுமார் 32 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தைவிட அரை சென்டிமீட்டர் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வேண்டாம். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். விளக்கு எரியும் பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரி இன்னும் மோசம். தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஏதாவது சிக்கிவிட்டால்? குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், இருமவிடுங்கள். காற்று போகிறது என்று அர்த்தம். சத்தமே வராமல், முகம் நீலம் பாய்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் என்றால், முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்துவிட்டால் உயிர்காப்பு முதலுதவியை 108-ல் பேசுபவர் சொல்லச் சொல்லத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தோண்டக் கூடாது. அது இன்னும் உள்ளே போகும்.

கடலை விஷயத்தில் ஓர் ஏமாற்று வேலை உண்டு. திடீரென்று இருமி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் குழந்தை விளையாடும். கடலைத் துண்டு நுரையீரல் பக்கம் இறங்கியிருக்கும். சில நாள் கழித்து விடாத இருமலும் இளைப்புமாக வரும். “சாரல்ல நனைஞ்சான், சளி” என்று விட்டுவிடாமல், புரையேறிய விவரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எப்போது விசாரிக்க வேண்டும்?

வாயில் வைக்கும் பழக்கம் ஒரு வயதுக்கு மேல் மெல்லக் குறையும். விரல்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டு வயதுக்குப் பிறகும் மண், சுண்ணாம்பு என்று தேடித் தின்றால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது ஆள் பயமும் இரண்டு வயதை ஒட்டித் தணியும். அழாத குழந்தைக்குக் குறை என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு வயதாகியும் அம்மாவுக்கும் அந்நியருக்கும் வித்தியாசமே காட்டாமல், பெயர் சொன்னாலும் திரும்பாமல் இருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

நான்காம் நாள் மாலை தென்காசி ரயில் நிலையம். பொதிகை வந்து நிற்கிறது. சித்தி குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியில் ஏறுகிறாள். முகம் கோணுகிறது, உதடு பிதுங்குகிறது, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்க அழுகிறான். இந்த முறை, அவள் போகிறாள் என்பதற்காக.