உசாத்துணைப் பட்டியலின் ஒழுங்கு: தமிழ் ஆய்வேடுகளை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் நாவல் பற்றிய ஆய்வேடொன்றை அண்மையில் வாசிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. விடயத் தெளிவும் வாதத் திறனும் கொண்ட ஆய்வேடுதான். ஆயினும் அதன் இறுதியில் இடம்பெற்ற உசாத்துணைப் பட்டியலில் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி இரு வேறு ஆசிரியர்களாகப் பிரிந்துபோயிருந்தார். 'சிவத்தம்பி, கா.' எனச் சகர வரிசையில் ஒருவர், 'கார்த்திகேசு, சி.' எனக் ககர வரிசையில் இன்னொருவர். பேராசிரியர் க. கைலாசபதியின் நூலொன்றுக்கோ அவர் மறைந்த 1982ஆம் ஆண்டுக்குப் பிந்திய ஆண்டொன்று மட்டுமே தரப்பட்டிருந்தது.

இவற்றை வெறும் கைத்தவறுகள் எனக் கொள்வதற்கில்லை. குடும்பப்பெயர் வழக்குள்ள சமூகங்களுக்காக உருவான மேற்கோள் முறையொன்றை அவ்வழக்கில்லாத எமது நூல்களுக்கு யோசனையின்றிப் பிரயோகித்ததன் விளைவுகளே இவை. எனவே, எம்முறையைத் தெரிவது, தெரிந்த முறையை எவ்வாறு ஒருசீராகக் கையாள்வது என்ற இரு வினாக்களையும் தமிழ் ஆய்வேட்டின் நிலைநின்று இங்கு நோக்குவோம்.

முதலில் தெரிவு. திணைக்களம் ஒரு முறையை விதித்திருப்பின் அதுவே முடிவானது. ஆனால், 'ஹாவார்ட் முறையைப் பின்பற்றுக' என்ற அளவில் விதி நின்றுவிடுமாயின் மாணவரின் பணி முடிந்துவிடவில்லை. ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ ஆகிய முறைகளுக்கு அவற்றை வெளியிடுவோரின் கைந்நூல்கள் உண்டு. ஹாவார்ட் முறைக்கு அத்தகைய ஒற்றை அதிகார நூல் இல்லை. ஹாவார்ட் பல்கலைக்கழக விலங்கியலாளரான எட்வேர்ட் லோறன்ஸ் மார்க் 1881இல் வெளியிட்ட கட்டுரையோடு இணைத்துப் பேசப்படும் இம்முறை, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தருவது என்ற பொதுக் கொள்கை மட்டுமே. அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி வருமா, பக்க எண்ணுக்கு முன் முக்காற்புள்ளி வருமா என்பன நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே எந்த நிறுவனத்தின் வழிகாட்டியைக் கைக்கொள்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.

விதி ஏதும் இல்லாதவிடத்து, ஆய்வின் சான்றுகள் எவ்வகையின என்பதே தெரிவுக்கு அடிப்படையாகும். விமர்சன நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி வாதிடும் ஆய்வேட்டுக்கு ஆசிரியர்-ஆண்டு முறை பொருந்தும். எக்கருத்து எப்போது எழுந்தது என்பது வாசிப்பின் போக்கிலேயே புலப்படும். மாறாக, 1930களின் ஈழகேசரியில் வெளியான பெயரற்ற குறிப்புகளும் ஆசிரிய தலையங்கங்களும் பிரதான சான்றுகளாயின் அம்முறை தடுமாறும். ஆசிரியர் பெயர் இல்லை; ஒரே ஆண்டில் பல பதிவுகள் உள; நாளும் மாதமும் இன்றி எதனையும் தேடியெடுக்க இயலாது. அத்தகைய ஆய்வேட்டுக்குச் சிகாகோவின் அடிக்குறிப்பு முறையே ஏற்றது. பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம் ஆகியவற்றை முழுமையாகத் தர அங்கு இடமுண்டு.

இனி, ஆசிரியர்-ஆண்டு முறையைத் தெரிந்துகொண்டோம் என வைத்து ஒரு பதிவை அமைத்துப் பார்ப்போம். 1979இல் மூவர் இணைந்து எழுதி வெளிவந்த நூலொன்றின் பதிவு இவ்வாறு அமையலாம்:

மௌனகுரு, சி., மௌ. சித்திரலேகா, எம். ஏ. நுஃமான். 1979. இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம். கல்முனை: வாசகர் சங்கம்.

இச்சிறு பதிவில் பெயர், ஆண்டு, இடம் ஆகிய மூன்றும் தனித்தனியே முடிவெடுக்கவேண்டியவை.

பெயரை நோக்குவோம். 'மௌனகுரு' என்பது குடும்பப்பெயர் அன்று. அவருடைய சொந்தப் பெயர். முன்னுள்ள 'சி.' தந்தை பெயரின் தலையெழுத்து. மேலைத்தேய முறையில் குடும்பப்பெயரை முன்னும் சொந்தப் பெயரைப் பின்னும் எழுதுவர். நாமோ சொந்தப் பெயரை முன்னும் தலையெழுத்தைப் பின்னும் எழுதுகிறோம். வெளித்தோற்றம் ஒன்றே, உட்பொருள் நேர்மாறானது. தலையெழுத்தோடு நிற்கும்வரை இவ்வேறுபாடு தொல்லை தருவதில்லை. தந்தை பெயர் விரித்தெழுதப்படும்போதே சிக்கல் தோன்றுகிறது. 'கார்த்திகேசு சிவத்தம்பி' என்பதில் முதலிற் கிடப்பது தந்தை பெயர். அதனைச் சொந்தப் பெயராகக் கொண்டு தலைப்பாக்கியமையாலேயே முற்கூறிய ஆய்வேட்டில் ஒருவர் இருவரானார்.

பெண் ஆசிரியர் விடயத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. மேற்குறித்த நூலில் 'மௌ. சித்திரலேகா' என வருபவர் ஆங்கிலத்தில் 'சித்திரலேகா மௌனகுரு' எனக் கணவர் பெயரைப் பின்னே கொண்டு எழுதுபவர். இறுதிப் பெயரைத் தலைப்பாக்கும் விதியை இயந்திர ரீதியாகக் கையாண்டால், ஆங்கிலப் பட்டியலில் அவர் மகர வரிசைக்குப் பெயர்ந்து, கணவரின் பெயருக்குள் மறைந்துபோவார். ஆகவே விதியை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம்: ஒருவர் எப்பெயரால் அழைக்கப்படுகிறாரோ அப்பெயரே தலைப்பு, தந்தை பெயரோ கணவர் பெயரோ அதன் பின் வரும். ஆங்கிலப் பட்டியலில் திணைக்களம் வேறு வழக்கை விதிப்பின், மற்றப் பெயரின் கீழ் 'பார்க்க' என ஒரு வரிக் குறிப்பு இடுதல் போதுமானது.

அடுத்தது ஆண்டு. கைலாசபதியின் தமிழ் நாவல் இலக்கியம் முதலில் வெளிவந்தது 1968இல். சிவத்தம்பியின் நாவலும் வாழ்க்கையும் 1978இல். முன்னையதை 1999ஆம் ஆண்டு மறுபதிப்பொன்றில் மாணவர் வாசித்தார் எனக் கொள்வோம். 'கைலாசபதி 1999' என்றும் 'சிவத்தம்பி 1978' என்றும் எழுதினால் பத்தாண்டு முந்திய நூல் இருபத்தோராண்டு பிந்தியதாகிவிடும். கருத்துகளை அவை பிறந்த சமூகச் சூழலில் வைத்து ஆராய முற்படும் எவருக்கும் இது வடிவப் பிழையன்று. வாதத்தையே தலைகீழாக்கும் பிழை. எனினும் 1968 என்று மட்டும் எழுதி மறுபதிப்பின் பக்க எண்ணைத் தருவதும் பொருந்தாது. முதற் பதிப்பைப் புரட்டுவோர் அப்பக்கத்தில் அக்கூற்றைக் காணமாட்டார். இரு ஆண்டுகளையும் தருதலே வழி. ஏபிஏ முறையில் அது 1968/1999 எனச் சாய்கோட்டோடு அமையும். சிகாகோவின் ஆசிரியர்-ஆண்டு முறையில் முதற் பதிப்பாண்டு பகர அடைப்புக்குள் நின்று [1968] 1999 என அமையும். எதனைத் தெரிந்தாலும் எல்லா மறுபதிப்புகளுக்கும் அதனையே கையாளல் வேண்டும்.

கைலாசபதியின் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலை ஒக்ஸ்போர்ட் கிளறெண்டன் அச்சகம் வெளியிட்டதும் அதே 1968இல் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் இரு பட்டியல்களாகப் பிரித்தால், ஆய்வேட்டின் உள்ளே ஆங்கில நூலுக்குரிய பெயரை ஆங்கில எழுத்திலேயே தருதல் வேண்டும். அப்போதுதான் எப்பட்டியலைப் பார்ப்பது என வாசகர் அறிவார். ஒரே பட்டியலாயின் 1968அ, 1968ஆ எனப் பிரித்துக் காட்டுதல் அவசியம்.

மூன்றாவது, வெளியீட்டு இடம். 2019இல் வந்த ஏபிஏ ஏழாம் பதிப்பு இதனை முற்றாக நீக்கிவிட்டது. 2024இல் வந்த சிகாகோ பதினெட்டாம் பதிப்பும் 1900க்குப் பிந்திய நூல்களுக்கு இடம் அவசியமில்லை என்கிறது. பல நாடுகளிற் கிளைகள் கொண்ட பெருநிறுவனங்களைப் பொறுத்தவரை அது நியாயமே. எமது நூல்களுக்கு அந்நியாயம் பொருந்தாது. ஈழத்து எழுத்தாளர் பலரின் நூல்கள் சென்னையிலேயே அச்சேறின. 1970களில் தென்னிந்திய நூல்களதும் சஞ்சிகைகளதும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் வெளியீட்டு முயற்சிகள் வலுப்பெற்றன. வீரகேசரி பிரசுரங்கள் அக்காலத்தன. மேலே கண்ட பதிவில் 'கல்முனை' என்னும் சொல், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்பால் நிகழ்ந்த ஓர் இலக்கியச் செயற்பாட்டின் சான்று. இடத்தை நீக்கினால் இலக்கிய உற்பத்தியின் வரலாறு பட்டியலிலிருந்து அழிந்துவிடும். எனவே, மேற்பார்வையாளரின் இசைவோடு இடத்தைப் பேணி, அவ்விலகலை ஆய்வேட்டின் முன்குறிப்பில் ஒரு வாக்கியத்தாற் கூறிவிடலாம். அறிவித்துச் செய்யும் விலகல் ஒழுங்கைக் குலைப்பதில்லை.

இவ்வாறு எடுத்த முடிவுகளை ஒரு தாளில் எழுதி அருகே வைத்துக்கொள்ளுதல் நன்று. நூல், தொகுப்பிலுள்ள கட்டுரை, சஞ்சிகைக் கட்டுரை, மறுபதிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப் பதிவு அதில் இருத்தல் வேண்டும். பதிவுகளைத் தாமே அடுக்கும் சொற்றெறோ போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துவோர்க்கும் இத்தாள் தேவை. குடும்பப்பெயருக்கென மென்பொருள் ஒதுக்கும் கட்டத்தில் எமது சொந்தப் பெயரையே இடவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஆங்கில மொழி அமைப்பில் அது இயங்கும்போது தமிழ்ப் பதிவுகளினிடையே ஆங்கில இணைப்புச் சொற்களும் புகுந்துவிடும்.

அகரவரிசையையும் கண்ணாற் சரிபார்த்தல் வேண்டும். எமது மரபில் கந்தையா, கமலநாதன், கனகசெந்திநாதன் என்பதே வரிசை. னகரம் மெய்களின் இறுதியில் நிற்பது. யுனிகோட் குறியீட்டு எண்களின்படி மட்டும் அடுக்கும் மென்பொருளில் னகரம் பகரத்துக்கு முன் வருவதால் கனகசெந்திநாதன் கமலநாதனுக்கு முன் வந்துவிடுவார். ஜகரமும் அவ்வாறே சகரத்தை அடுத்து நுழைந்துவிடும். அகராதி மரபில் அதன் இடம் தமிழ் மெய்களுக்குப் பின்னராகும். இவ்விரு இடங்களையும் நோக்கினாற் போதும், வரிசை எவ்வாறு அடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

இறுதியாக, பட்டியலை அச்சிட்டெடுத்து ஆய்வேட்டை முதற்பக்கத்திலிருந்து வாசித்து, மேற்கோள் வரும் ஒவ்வோரிடத்திலும் பட்டியலின் உரிய பதிவில் அடையாளமிட்டுச் செல்லல் வேண்டும். அடையாளம் பெறாத பதிவு ஆய்வேட்டில் எங்கும் பயன்படாதது. பட்டியலில் அகப்படாத மேற்கோள் வாசகராற் சரிபார்க்க முடியாதது. பின்னர், பதிவுகளை வரிவரியாக வாசிக்காது, ஆண்டுகளை மட்டும் மேலிருந்து கீழாகவும், அடுத்து வெளியீட்டு இடங்களை மட்டும் மேலிருந்து கீழாகவும் நோக்குதல் வேண்டும். பொருளில் மனம் செல்லாதபோதே வடிவின் பிறழ்வு கண்ணிற் படும். 'சென்னை' என்றும் 'மதராஸ்' என்றும் ஒரே நகர் இரண்டாக நிற்பதும், ஒரே சிவத்தம்பி இருவராக நிற்பதும் அப்போதுதான் தெரியவரும்.