‘யாருடா உனக்கு அண்ணன்?’: சப்டைட்டிலில் மறையும் சாதி

ஒரு திரைப்படக் காட்சியின் ஸ்கிரீன்ஷாட் கைப்பேசிகளில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஓர் இளைஞன், திண்ணையில் நடுவயதுக்காரர் ஒருவர், கீழே ஆங்கிலத்தில் ஒற்றை வரி: Who is your brother? தமிழறியாத நண்பர் அதைப் பார்த்துவிட்டு, “அந்தப் பையனின் அண்ணன் யார்?” என்று கேட்கிறார். நகைப்புக்குரிய பிழைதான். ஆனால் அந்தப் பிழை விழுங்கியது எதை என்று பார்த்தால் நகைப்பு நின்றுவிடும்.

இக்காட்சி எந்தப் படத்திலிருந்தும் எடுத்ததன்று. விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்டது. களம் சென்னிமலையை ஒட்டிய ஒரு சிற்றூர். கல்லூரியில் படிக்கும் அருந்ததியர் இளைஞன் ஒருவன், வெயிலில் நடந்து வந்து ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்கிறான்:

“ஏனுங்ணா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?”

திண்ணையில் இருப்பவரின் மறுமொழி:

“யாருடா உனக்கு அண்ணன்? உங்கப்பன் எப்படிக் கூப்புடறானோ அப்படிக் கூப்புடு.”

இதில் வசைச்சொல் இல்லை. சாதிப் பெயரும் இல்லை. ஆயினும் கொங்கு வட்டாரத்தில் வளர்ந்த எவருக்கும் பொருள் விளங்கும். இளைஞனின் தந்தை அந்த வீட்டாரை ‘சாமி’ என்றோ ‘பண்ணாடி’ என்றோ அழைப்பவர். மகன் ‘அண்ணா’ என்றதன் மூலம் தன்னைச் சமமானவனாக நிறுத்திக்கொண்டான். மறுமொழி அந்தச் சமத்துவத்தைத்தான் மறுக்கிறது.

மரியாதைத் தமிழ் யாருக்கு?

‘ஏனுங்க’, ‘சொல்லுங்க’, ‘வாங்ணா’ என்று பேசும் கொங்குத் தமிழ் மரியாதைக்குப் பெயர் பெற்றது. திரைப்படங்களும் அந்த ‘ங்க’வை வெகுளித்தனத்தின் அடையாளமாகவே பயன்படுத்தி வந்துள்ளன. ‘ங்க’ உண்மையில் இரு வேறு வேலைகளைச் செய்கிறது. நிகரானவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும்போது அது பண்பு. ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க, மற்றவர் ‘டா’ போட்டு விடையளிக்கும்போது அது படிநிலை. சொல் ஒன்றுதான், அது திரும்பி வருகிறதா இல்லையா என்பதில்தான் பொருள் இருக்கிறது.

ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து 1960இல் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் பேசியது. இருவரும் ஒரே வடிவத்தைப் பரிமாறிக்கொண்டால் அது நெருக்கம் அல்லது நாகரிகம். ஒருவர் உயர்ந்த வடிவத்தைக் கொடுத்துத் தாழ்ந்ததைப் பெற்றுக்கொண்டால் அது அதிகாரம். இன்றைய ஆங்கிலத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் ஒரே சொல்தான். எனவே தமிழ்ப் படம் ஆங்கில சப்டைட்டில் பெறும்போது முதலில் தொலைவது இந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்கே.

தமிழ் முன்னிலையில் சாதி வயதையும் தலைகீழாக்குகிறது. அறுபது வயது முதியவர் இருபது வயது இளைஞனை ‘சாமி’ என்கிறார். அவன் அவரை ‘ஏண்டா’ என்கிறான். ‘சாமி’யை நேர்ச்சொல்லாக God என்று பெயர்த்தால் முதியவர் பக்தர் ஆகிவிடுகிறார். வழக்குக்கு ஏற்ப Sir என்று மாற்றினால் அலுவலக ஊழியர் ஆகிவிடுகிறார். முதல் பிழையைப் பார்வையாளர் கண்டுகொள்வார், சிரிப்பார். இரண்டாவது சரளமாக இருப்பதால் யார் கண்ணிலும் படாது. அதனால் அதுவே அதிகம் கெடுக்கிறது.

ஒரு வரியைத் திருத்திப் பார்ப்போம்

சப்டைட்டில் கோப்பில் ஒவ்வொரு வசனத்துக்கும் வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், உரை ஆகியவை இருக்கும். நம் காட்சியின் வரி அங்கே இப்படி அமையும்:

```
412
00:38:07,200 --> 00:38:08,500
Who is your brother?
```

வசனம் 1.3 நொடி ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்துகள், ஒரு நேரத்தில் இரண்டு வரிகள், நொடிக்கு ஏறக்குறைய 17 முதல் 20 எழுத்துகள் என்பது இணையத் திரைத்தளங்களில் பரவலாக உள்ள வரம்பு. 1.3 நொடியில் உச்ச அளவாக 26 எழுத்துகள் வைக்கலாம். மேலே உள்ளது இடைவெளி, குறியீடு எல்லாம் சேர்த்து 20. அளவு பொருந்துகிறது, இலக்கணமும் சரி, ஆனால் பொருள் இல்லை. தமிழில் இது கேள்வி வடிவில் வரும் மறுப்பு. ‘நீ என்ன பெரிய கலெக்டரா?’ என்று கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் கேள்வியாகவே வைத்தால், விடை வேண்டும் கேள்வி ஆகிவிடுகிறது. எனவே மறுப்பாகவே எழுத வேண்டும்:

```
412
00:38:07,200 --> 00:38:08,500
Don't you "brother" me.
```

23 எழுத்துகள்; இடம் போதும். அழைப்புச் சொல்லைப் பிடித்துத் திருப்பி வீசும் தொனியும் வந்துவிட்டது. ‘டா’ இன்னும் வரவில்லை. முன்னால் Boy என்று சேர்த்தால் 28 எழுத்துகள். நொடிக்கு 20 என்றால் 1.4 நொடி வேண்டும். அடுத்த வசனம் உடனே தொடங்காவிட்டால், முடியும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு நொடி தள்ளிவைத்து இடம் உண்டாக்கலாம். ஆனால் அந்தச் சொல் வேறொரு வரலாற்றையும் உடன் கொண்டுவரும். அமெரிக்காவில் வெள்ளையர்கள் வளர்ந்த கறுப்பின ஆண்களை அப்படித்தான் அழைத்தார்கள். இழிவின் எடையைக் காட்ட அது உதவும். சாதியை நிறவெறியாகவே வாசிக்கவும் செய்யும். எதை ஏற்பது என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் 411ஆம் வரியில் இருக்கிறது. இளைஞனின் ‘ஏனுங்ணா’வை Excuse me என்றோ Sir என்றோ ஏற்கெனவே மென்மையாக்கியிருந்தால், 412இல் எவ்வளவு நல்ல வரி எழுதினாலும் பயனில்லை. அவன் Brother என்று அழைக்கவே இல்லை. பின் எதை மறுக்கிறார் இவர்? இரண்டு வரிகளும் ஒரே முடிச்சு. முதலாவதில் Brother என்ற சொல் சற்று விறைப்பாக இருந்தாலும் வைத்தே ஆக வேண்டும்.

‘ஊர்’ என்பது எந்த ஊர்?

இதே விதி இடப்பெயர்களுக்கும் பொருந்தும். ‘ஊருக்குள்ள வராத’ என்ற வசனத்தை Don't enter the village என்று பெயர்த்தால், அதைக் கேட்பவன் வெளியூரான் என்று பொருள்படும். அவனோ அங்கேயே பிறந்தவன். தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பேச்சில் ‘ஊர்’ என்பது பல நேரம் சாதி இந்துக்களின் தெருக்களை மட்டுமே குறிக்கும். சேரி, காலனி, வளவு ஆகியவை அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கின்றன. Stay out of our streets என்றால் பிரிவினை தெரியும். அகராதிச் சொல்லை விட்டு விலகியதால்தான் இங்கே பொருள் கிடைக்கிறது.

சில சொற்களுக்கு அந்த வழியும் இல்லை. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு தமிழ் இயக்கிய ‘சேத்துமான்’ படத்தை பா. ரஞ்சித்தின் நீலம் நிறுவனம் தயாரித்தது. 2022இல் இணையத் திரைத்தளத்தில் வெளியானது. கொங்கு நிலத்தில் நிகழும் கதை அது. பன்றிக்கறியின் மீது ஆசை கொண்ட நிலவுடைமையாளர், அவரிடம் வேலை செய்யும் முதியவர், அம்முதியவரின் பேரன் ஆகியோரைச் சுற்றி நகர்கிறது. சேற்றில் புரளும் மான் என்று பன்றியைச் சுற்றிவளைத்துச் சொல்வதே தலைப்பு. பன்றிக்கறி இழிவாகப் பார்க்கப்படும் இடத்தில், பெயரைச் சொல்லாமல் அதைக் கேட்பதற்கும் உண்பதற்கும் உருவான சொல் அது. ஆங்கிலத்தில் பன்றி என்று மட்டும் சொன்னால் விலங்கு வரும்; மறைப்பு வராது. மான் என்று சொன்னால் தவறான விலங்கு வரும். இத்தகைய சொல்லை ஒலிபெயர்த்து அப்படியே விட்டு, காட்சியே பொருளைச் சொல்ல விடுவது மேல்.

‘சாமி’, ‘பண்ணாடி’ போன்றவற்றையும் இப்படி வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று முறை கேட்டபின் அயல்மொழிப் பார்வையாளருக்கும் அது பழகிவிடும். படத்தின் இறுதியில் ஒருவன் அந்தச் சொல்லைச் சொல்லாமல் பேசத் தொடங்கினால், அந்த மாற்றத்தை அவரும் உணர்வார். ஓரிடத்தில் Sir, ஓரிடத்தில் Master, ஓரிடத்தில் வெற்றிடம் என்று சிதறவிட்ட சப்டைட்டிலில் அந்த இறுதிக்காட்சிக்கு எந்த எடையும் இராது.

படத்தோடு முடிவதில்லை

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவாகும் புகார்கள் தமிழில் எழுதப்படுகின்றன. மேல்முறையீட்டில் நீதிபதிகள் படிப்பது பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பை. சாதிப் பெயர் சொல்லி ஏசுவதற்கு பிரிவு 3(1)(எஸ்) இருக்கிறது. சாதிப் பெயரே இல்லாத ‘யாருடா உனக்கு அண்ணன்’ போன்ற சொல், வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குறிக்கும் 3(1)(ஆர்) பிரிவின் கீழ்தான் வாதிடப்பட வேண்டியிருக்கும். அங்கே இழிவு நோக்கத்தைக் காட்டும் சான்றே அந்த வாக்கியம்தான். அது ‘அண்ணன் யார் என்று கேட்டார்’ என்று பெயர்க்கப்பட்டால் சான்று கரைந்துவிடும். ஸ்வரன் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், ஒரு சொல்லின் வேர்ப்பொருளை அல்லாமல் மக்கள் வழக்கில் அது பெற்றுள்ள பொருளையே கொள்ள வேண்டும் என்றது. மொழிபெயர்ப்பாளருக்கும் அதுவே அளவுகோல்.

ஆகவே பெயர்க்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்வது பயன் தரும்: யார், யாரை, எந்தச் சொல்லால் அழைக்கிறார், ‘நீ’யா ‘நீங்க’ளா, அதற்கு எது திரும்பி வருகிறது, எந்தக் காட்சியில் இது மாறுகிறது. நம் காட்சிக்கு அந்தக் கட்டத்தில் மூன்று வரிசைகள் போதும். தந்தை ‘சாமி’ என்கிறார், ‘டா’ வருகிறது. மகன் ‘அண்ணா’ என்கிறான், அவனுக்கும் ‘டா’வே வருகிறது. நிகரானவர் ‘அண்ணா’ என்கிறார், அவருக்கு ‘வாங்க, உக்காருங்க’ வருகிறது. இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் வேறுபடுத்திக் காட்ட முடிகிறதா என்று பார்த்த பின்பே 411ஆம் வரியை எழுத வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பகிர்பவருக்கும் இது பொருந்தும். நிலைப்படத்தில் குரல் இல்லை, முந்தைய வரி இல்லை. ஒற்றை வரியை வெட்டிப் பகிர்ந்துவிட்டு, “இதில் சாதி எங்கே இருக்கிறது?” என்று கேட்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அதற்கு முந்தைய வரியைக் காட்டுங்கள்.